பியேன்சொ, ஆனால் பென்சாமொஸ்: ஸ்பானிஷில் பகுதி மாறும் வினைகள்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து மூன்றாவது மாதம். நண்பர் ஒருவரோடு ஒரு காபிக் கடைக்குப் போனேன். ஓரத்தில் ஒரு மேசை காலியாக இருந்தது. "நாங்கள் அங்கே உட்காரலாமா?" என்று கேட்க வேண்டும். 'என்னால் முடியும்' என்பதற்குப் புவேதொ என்று படித்திருந்தேன். அதையே பிடித்துக்கொண்டு, 'எங்களால் முடியும்' என்பதற்குப் "புவேதேமொஸ்" என்று சொல்லிவிட்டேன். பரிமாறுபவருக்குப் புரிந்தது. "பொதேமொஸ், பொதேமொஸ்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இந்தத் தவறைச் செய்யாமல் ஸ்பானிஷ் கற்றவர் அநேகமாக யாரும் இல்லை. பாடப் புத்தகங்கள் இதை விளக்கும் முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "இந்த வினைகள் மாறும், 'நாம்' என்று பொருள்படும் நொசோத்ரொஸ் மட்டும் விதிவிலக்கு" என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். உண்மையில் நொசோத்ரொஸ் வடிவம் பழையபடியே நிற்கிறது, மாறியவை மற்றவைதான். அவை ஏன் மாறின என்று ஒருமுறை காதால் கேட்டுவிட்டால், பட்டியலைப் பாதிக்கு மேல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தொடங்குமுன் ஓர் ஏற்பாடு. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் எழுதும்போது, அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். ஸ்பானிஷில் நம்முடையதுபோல நெடில் குறில் வேறுபாடு கிடையாது. ஆனால் அழுத்தமான அசை நம் காதுக்குக் கொஞ்சம் நீண்டுதான் கேட்கும். அதனால் இங்கே நெடில் கண்ணில் பட்டால் அங்கே அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அசல் எழுத்துக்கூட்டலைத் தனிக் கட்டங்களில் தருகிறேன்.

முதலில் சொல்லைப் பிரியுங்கள்

பள்ளியில் பகுபதம் பிரித்தது நினைவிருக்கும். 'நினைக்கிறோம்' என்பதில் 'நினை' பகுதி, 'ஓம்' விகுதி. ஸ்பானிஷ் வினையும் அப்படியே பிரியும். பென்சார் என்றால் நினைப்பது. கடைசியில் இருக்கும் 'ஆர்' என்ற ஒட்டை எடுத்துவிட்டால் 'பென்ஸ்' என்ற பகுதி மிஞ்சும். அதோடு ஆளுக்கேற்ற விகுதி சேரும். 'நினைக்கிறோம்' என்பதிலேயே 'நாம்' இருப்பதுபோல, பென்சாமொஸ் என்றாலே யார் என்று தெரிந்துவிடும். ஆகவே நொசோத்ரொஸ் என்ற சொல்லை அவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். (நாம், நாங்கள் என்ற வேறுபாடு அவர்களுக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். பெண்கள் மட்டுமே இருக்கும் கூட்டம் என்றால் நொசோத்ரஸ் என்பார்கள்.)

இப்போது நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஆறு வடிவங்களையும் பாருங்கள். அழுத்தம் விழும் அசையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

```
yo        pienso     PIEN-so
tú        piensas    PIEN-sas
él        piensa     PIEN-sa
nosotros  pensamos   pen-SA-mos
vosotros  pensáis    pen-SÁIS
ellos     piensan    PIEN-san
```

வலப்பக்கத்தை மட்டும் சத்தமாகப் படியுங்கள். பியேன்சொ, பியேன்சஸ், பியேன்ச, பென்சாமொஸ், பென்சாய்ஸ், பியேன்சன். நெடில் பகுதியில் விழுந்த நான்கு இடங்களிலும் 'எ' உடைந்து 'இயே' ஆகியிருக்கிறது. நெடில் விகுதிக்குத் தாவிய இரண்டு இடங்களிலும் 'எ' உடையவில்லை. விதி இவ்வளவுதான்: பகுதியின் உயிர்மேல் அழுத்தம் விழுந்தால் அது உடையும், விழாவிட்டால் உடையாது.

வகுப்புகளில் இந்த ஆறையும் இரண்டு பத்தியாக எழுதி, மாறும் நான்கையும் சுற்றிக் கோடு போடச் சொல்வார்கள். பூட்ஸ் மாதிரி ஒரு படம் வரும். பூட்ஸுக்குள் இருப்பது மாறும், வெளியே இருப்பது மாறாது என்பார்கள். படம் பிழையில்லை, பரீட்சைக்கு உதவும். ஆனால் பேசும்போது யாரும் மனதில் பூட்ஸ் வரைந்து பார்ப்பதில்லை. காது அதைவிட வேகமாக வேலை செய்யும்.

அழுத்தம் ஏன் தாவுகிறது

ஸ்பானிஷில் அழுத்தம் விழும் இடத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சொல் உயிரிலோ, n அல்லது s எழுத்திலோ முடிந்தால், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இதை மீறும் சொற்களுக்கு மேலே ஒரு சிறு கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள்.

இந்தக் கணக்கை நம் வினையில் போட்டுப் பாருங்கள். பியேன்சொ என்பதில் விகுதி ஒரே அசை, 'சொ'. அதற்கு முந்தைய அசை பகுதிதான், ஆகவே அழுத்தம் பகுதியில். சஸ், ச, சன் ஆகியவையும் ஒற்றை அசை விகுதிகளே. நொசோத்ரொஸுக்கான விகுதி மட்டும் இரண்டு அசை: 'சா-மொஸ்'. கடைசிக்கு முந்தைய அசை இப்போது விகுதிக்குள்ளேயே வந்துவிடுகிறது. அழுத்தம் அங்கே போய்விட, பகுதி தப்பித்தது. அகராதியில் நாம் தேடும் வடிவமும் இப்படியே. பென்சார் 'ர்' ஒலியில் முடிவதால் அழுத்தம் கடைசி அசையில். அதனால் அங்கும் 'எ' முழுசாக இருக்கிறது.

'நீங்கள் எல்லாரும்' என்பதற்கான பென்சாய்ஸ் மட்டும் இடறுகிறதே, அதன் விகுதி ஒற்றை அசைதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காஸ்தில்லான் என்ற பழைய ஸ்பானிஷில் இந்த விகுதி 'ஆதெஸ்' என்று இரண்டு அசையாக இருந்தது. நடுவில் இருந்த 'த' தேய்ந்து மறைந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன. அசை போனாலும் அழுத்தம் தன் இடத்திலேயே இருந்துவிட்டது. கணக்கை மீறி நிற்பதால்தான் அந்த எழுத்தின் தலையில் கோடு. லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் இந்த வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு உஸ்தேதெஸ் தான். அது 'அவர்கள்' வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்: பியேன்சன்.

உடைவது எங்கிருந்து வந்தது

ரொகார் என்ற வினையை எடுத்துக்கொள்கிறேன். வேண்டிக் கேட்பது என்று பொருள். 'தயவுசெய்து அமைதி' என்று எழுதிய பலகைகளில் இந்த வினையைப் பார்க்கலாம். இதை எடுக்கக் காரணம், லத்தீன் வடிவமும் இன்றைய வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நெருக்கமாக இருப்பதுதான். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஸ்பானிஷ்.

```
ROgo      ->  RUEgo
ROgas     ->  RUEgas
ROgat     ->  RUEga
roGAmus   ->  roGAmos
roGAtis   ->  roGÁIS
ROgant    ->  RUEgan
```

லத்தீனிலேயே அழுத்தம் நான்கு இடத்தில் பகுதியிலும் இரண்டு இடத்தில் விகுதியிலும் இருந்தது. அந்த மொழி பேச்சில் மெல்ல மாறிக் காஸ்தில்லானாக ஆனபோது, அழுத்தம் விழுந்த குறில் 'எ'யும் குறில் 'ஒ'வும் உடைந்தன. 'எ' இயே ஆயிற்று, 'ஒ' உவே ஆயிற்று. அழுத்தம் விழாதவை அப்படியே நின்றன. ரொகாமொஸைப் பாருங்கள், லத்தீனிலிருந்து கடைசி உயிர் மட்டும் சற்றே திரும்பி வந்திருக்கிறது. அதில் யாரும் கைவைக்கவில்லை.

இது வினைக்கு மட்டும் நடந்ததும் இல்லை. மொழி முழுக்க நடந்தது. எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்:

```
siete  (7)   setenta  (70)
nueve  (9)   noventa  (90)
```

ஏழு என்பதில் அழுத்தம் முதல் அசையில், அதனால் சியேதெ. எழுபதில் அழுத்தம் நடுவுக்குப் போய்விட்டது, அதனால் முதல் 'எ' உடையவில்லை. ஒன்பதும் தொண்ணூறும் அதே கதை. வெனெசுவேலா நாட்டுக்காரரை venezuelano என்று சொல்வதில்லை, venezolano என்றுதான் சொல்வார்கள். அழுத்தம் 'லா'வுக்குப் போனதும் 'உவே' மீண்டும் 'ஒ' ஆகிவிட்டது. எண்ணுக்கும் ஊர்ப்பெயருக்கும் வினைக்கும் ஒரே விதி என்று தெரிந்த நாளில்தான் எனக்கு இந்தப் பாடத்தின் மேலிருந்த கோபம் போயிற்று.

நமக்கும் இது அப்படியொன்றும் அந்நியமில்லை. 'நாம்' என்பது 'நம்மை' ஆகும்போது நெடில் குறுகுகிறது. 'தாம்' என்பது 'தம்மை' ஆகிறது. யாரும் இதைப் பட்டியல் போட்டுப் படித்ததில்லை, வாய்க்குத் தெரியும். 'நாம்மை' என்று ஒரு குழந்தை சொன்னால் நம் காதுக்கு எப்படி இருக்குமோ, அந்தக் கடைக்காரருக்கு என் "புவேதேமொஸ்" அப்படித்தான் இருந்திருக்கும்.

தமிழ் வாய்க்கு வரும் இரண்டு சிக்கல்கள்

இந்த விதி முழுக்க அழுத்தத்தை நம்பி நிற்கிறது. நம் பேச்சிலோ அழுத்தம் மெலிது, அதுவும் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் இருக்கும். அதனால் பென்சாமொஸை நாம் "பேன்சமொஸ்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்கிறவருக்கு மேலே நான் எழுதியது எதுவும் கேட்காது. பகுதியில்தான் அழுத்தம் இருக்கிறதே, ஏன் உடையவில்லை என்றுதான் தோன்றும். ஆகவே முதல் ஒரு வாரம், வடிவத்தை மறந்துவிட்டு அழுத்தத்தை மட்டும் பழகுங்கள். மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, நெடில் வரும் அசையில் மட்டும் பலமாகத் தட்டுங்கள். புவேதொ: பலம், மெலிவு. பொதேமொஸ்: மெலிவு, பலம், மெலிவு. தவறாகச் சொன்னால் கண்டுபிடிப்பதும் சுலபம். "புவேதேமொஸ்" என்று சொல்லிப் பாருங்கள், ஒரே சொல்லில் இரண்டு இடத்தில் பலமாகத் தட்ட வேண்டி வரும். உடைந்த உயிர் தனக்கொரு அழுத்தம் கேட்கிறது, விகுதியும் கேட்கிறது. ஒரு வினைக்கு ஓர் அழுத்தம்தான் உண்டு.

இன்னொன்று, 'எ' என்று தொடங்கும் சொல்லை நாம் பேச்சில் 'யெ' என்கிறோம். 'என்ன' என்பது 'யென்ன' ஆகிறது, 'ஒண்ணு' என்பது 'வொண்ணு' ஆகிறது. இந்தப் பழக்கத்தில் எம்பெசார் (தொடங்குவது) என்ற வினையை 'யெம்பெசார்' என்று சொல்லிவிட்டால், இல்லாத இடத்தில் உடைவு கேட்கும். ஸ்பானிஷின் முதல் 'எ' சுத்தமாக, முன்னால் எதுவும் ஒட்டாமல் வர வேண்டும். அதே சமயம், உடைய வேண்டிய இடத்தில் இந்தப் பழக்கம் நமக்கு லாபம். இயே, உவே இரண்டையும் ஓரசையாகச் சொல்வதில் மற்றவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. பியே என்பதைப் பி, யே என்று பிரிக்காமல் ஒரே மூச்சில் சொன்னால் போதும்.

எந்த உயிர் உடையும்

பகுதியில் இரண்டு 'எ' இருந்தால் எது மாறும் என்று புதியவர்கள் திணறுவார்கள். ப்ரெஃபெரீர் என்றால் ஒன்றைவிட மற்றொன்றை விரும்புவது. அதில் இரண்டு 'எ'. விதியைக் கேளுங்கள்: அழுத்தம் எதன்மேல் விழும்? விகுதிக்கு முந்தைய அசையில். ஆகவே விகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது 'எ' உடையும்: ப்ரெஃபியேரொ. எம்பெசார் என்பதில் எம்பியேசொ. மதிய உணவு சாப்பிடுவதற்கான அல்மொர்சார் என்பதில் அல்முவேர்சொ. எப்போதும் கடைசி உயிர்தான்.

சொல்லே 'ஒ'வில் தொடங்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். ஒலேர் என்றால் வாசனை வீசுவது, முகர்வது.

```
huelo   hueles   huele
olemos  oléis    huelen
```

உடைந்த வடிவங்களில் முன்னால் ஒரு h வந்து நிற்கிறது, ஒலேமொஸில் இல்லை. அந்த h உச்சரிக்கப்படாது. பழைய எழுத்தில் u, v இரண்டுக்கும் ஒரே உருவம் இருந்தது. சொல் அந்த எழுத்தில் தொடங்கினால் எது என்று தெரியாது. இது உயிர்தான் என்று காட்ட முன்னால் h போட்டார்கள். உயிர் உடையாத இடத்தில் அந்தக் குழப்பமே இல்லை, ஆகவே h-க்கும் வேலையில்லை.

ஹுகார் (விளையாடுவது) ஒற்றை ஆள். அதில் 'உ' உடைந்து 'உவே' ஆகிறது: ஹுவேகொ, ஆனால் ஹுகாமொஸ். அது பழங்காலத்தில் 'ஒ'வாக இருந்த சொல். அழுத்தமில்லாத இடத்தில் 'உ'வாக நகர்ந்துவிட்டது, அழுத்தமான இடத்தில் பழைய 'ஒ' உடைந்த உடைவு மட்டும் நிலைத்துவிட்டது. இதுபோல வேறு வினை தேட வேண்டாம்.

'எ' என்பது 'இ' ஆகும் கூட்டம்

மூன்றாவது வகை ஒன்று உண்டு. இது 'ஈர்' என்று முடியும் வினைகளில் மட்டும் வரும். பெதீர் (கேட்பது, கடையில் ஆர்டர் செய்வது) நல்ல உதாரணம்.

```
pido     pides   pide
pedimos  pedís   piden
```

பீதொ, பெதீமொஸ். வெளிப்பார்வைக்கு அதே கதைதான்: பகுதியில் அழுத்தம் என்றால் மாற்றம், இல்லாவிட்டால் இல்லை. நிகழ்காலத்துக்கு இப்படி நினைத்துக்கொண்டாலே போதும், தவறு வராது. ஆனால் இங்கே உயிர் உடையவில்லை, உயர்ந்திருக்கிறது. அதற்கான காரணமும் வேறு. இந்த வினைகளில், அடுத்த அசையில் முழு 'இ' இருந்தால்தான் பகுதியில் 'எ' தங்கும். இரண்டு 'இ' அடுத்தடுத்து வருவதை அவை தவிர்க்கின்றன. பெதீமொஸில் அடுத்த அசை 'தீ', அதனால் 'பெ'. பீதொவில் அடுத்த அசை 'தொ', அதனால் 'பீ'.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் ஒரு நாள் pidamos என்ற வடிவத்தைப் பார்த்து நீங்கள் அதிர்ச்சி அடையக்கூடாது. விருப்பம், வேண்டுகோள், ஐயம் ஆகியவற்றோடு வரும் சப்ஜங்டிவ் வடிவம் அது. நொசோத்ரொஸ்தான், அழுத்தம் விகுதியில்தான், ஆனாலும் 'இ'. அடுத்த அசையில் 'ஆ' இருப்பதால் அப்படி. தொர்மீர் (தூங்குவது) என்பதிலும் அதேபோல durmamos வரும். ஆகவே "நொசோத்ரொஸ் எப்போதும் மாறாது" என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். "நிகழ்காலச் செய்தி வாக்கியத்தில் மாறாது" என்று எழுதுங்கள். பென்சார், பொதேர்போல 'ஆர்', 'ஏர்' என்று முடிபவை சப்ஜங்டிவிலும் மாறுவதில்லை.

எந்த வினை மாறும் என்று எப்படித் தெரியும்

இங்கேதான் விதி கைவிடுகிறது. நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெர்தேர் (இழப்பது) மாறும்: பியேர்தொ. அதே உருவத்தில் இருக்கும் வெந்தேர் (விற்பது) மாறாது: வேந்தொ. தெபேர் (கடமைப்பட்டிருப்பது) மாறாது: தேபொ. லத்தீனில் perdere என்பதன் 'எ' குறில், மற்ற இரண்டிலும் நெடில். குறில்தான் உடைந்தது, நெடில் உடையவில்லை. ஆனால் இன்றைய ஸ்பானிஷில் இரண்டும் ஒரே 'எ'. பார்த்துச் சொல்ல வழியில்லை.

அகராதியை நம்புவதே வழி. கற்பவர்களுக்கான புத்தகங்களில் வினைக்குப் பக்கத்தில் அடைப்பில் மாற்றத்தைப் போட்டிருப்பார்கள்:

```
pensar (ie)   dormir (ue)   pedir (i)
```

உங்கள் நோட்டிலும் இப்படியே எழுதுங்கள். இன்னும் நல்லது, வினையை எழுதும்போதே யோ வடிவத்தையும் சேர்த்து ஜோடியாக எழுதுவது: தொர்மீர், துவேர்மொ. நொசோத்ரொஸ் வடிவத்தை எழுதி வைப்பதில் பயனில்லை, அது அகராதி வடிவம் சொல்வதற்கு மேல் எதையும் சொல்லாது. வெந்தேமொஸ், பெர்தேமொஸ் இரண்டையும் கேட்டால் எது மாறும் என்று யாருக்குத் தெரியும்? இந்த இடத்தில் ஊகித்தால் விலை கொடுக்க வேண்டி வரும். விற்பதற்கான வினையையும் உடைத்து viendo என்று சொன்னால், அது 'பார்த்துக்கொண்டு' என்ற வேறு சொல். ரொட்டி விற்கிறேன் என்று சொல்ல வந்தவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு குறுக்குவழி உண்டு. அந்த வினையோடு தொடர்புடைய பெயர்ச்சொல் தெரிந்தால் பாருங்கள். ஹுவேகொ என்றால் விளையாட்டு, அல்முவேர்சொ என்றால் மதிய உணவு, ருவேகொ என்றால் வேண்டுகோள். பெயரில் உடைந்த உயிரும் வினையில் உடையாத உயிரும் இருந்தால், அந்த வினை பெரும்பாலும் மாறும் கூட்டம்தான். பெயருக்கும் யோ வடிவத்துக்கும் பல நேரம் எழுத்துக்கூட்டல்கூட ஒன்றே.

அகராதி வடிவத்திலேயே உடைந்த உயிர் இருந்தால் கதை வேறு. amueblar என்றால் வீட்டுக்கு மேசை நாற்காலி போடுவது. mueble என்ற பெயரிலிருந்து பின்னால் செய்துகொண்ட வினை. அதில் எதுவும் மாறாது, நொசோத்ரொஸும் amueblamos தான். அழுத்தமில்லாத இடத்திலும் 'உவே' நிற்கிறதே என்று யோசிக்க வேண்டாம். சொல் பிறக்கும்போதே உடைந்த பெயரிலிருந்து பிறந்தது.

ஒரு பத்தியை மாற்றிப் பார்ப்போம்

ஸ்பெயினில் சிறிய ஊர் ஒன்றில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் நாளைச் சொல்கிறார் என்று வையுங்கள்.

```
Vendo pan. Almuerzo a las dos.
Pido café. Duermo media hora
y empiezo otra vez.
Cierro a las ocho.
```

ரொட்டி விற்கிறேன், இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறேன், காபி சொல்கிறேன், அரை மணி நேரம் தூங்கி மறுபடி ஆரம்பிக்கிறேன், எட்டு மணிக்கு மூடுகிறேன். இப்போது மனைவியும் கடையில் சேர்ந்துகொண்டார். எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று மாற்ற வேண்டும்.

முதல் வினை வேந்தொ. அதில் உடைவு இல்லை, விகுதியை மட்டும் மாற்றினால் வெந்தேமொஸ். அல்முவேர்சொ: அழுத்தம் விகுதிக்குப் போகும், உடைந்த 'உவே' மீண்டும் 'ஒ' ஆகும், அல்மொர்சாமொஸ். பீதொ: இது 'ஈர்' வினை, விகுதி 'ஈமொஸ்', அடுத்து 'ஈ' வருவதால் பகுதியில் 'எ', பெதீமொஸ். துவேர்மொ: தொர்மீமொஸ். எம்பியேசொ: எம்பெசாமொஸ். இதில் எழுத்திலும் ஒரு சிறு மாற்றம் உண்டா என்று பாருங்கள். இல்லை, 'ஆ' முன்னால் z அப்படியே இருக்கும். கடைசியில் சியேர்ரொ: செர்ராமொஸ்.

```
Vendemos pan. Almorzamos a las dos.
Pedimos café. Dormimos media hora
y empezamos otra vez.
Cerramos a las ocho.
```

இந்தத் திசையில் மாற்றுவது சுலபம். உடைந்ததை ஒட்டவைத்தால் போதும், ஊகம் எதுவும் வேண்டாம். இதையே பின்னோக்கிச் செய்து பாருங்கள், கீழே உள்ள பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு 'நான்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு வினையிலும் நின்று, இது மாறுமா என்று நினைவைத் தேட வேண்டியிருக்கும். தினமும் இப்படி ஐந்து வினை போதும், அதுவும் சத்தமாக, விரலால் தட்டிக்கொண்டு. எழுதிப் பழகினால் கண்ணுக்குத்தான் பழகும்.

அர்ஜென்டினாவிலிருந்து ஒரு சாட்சி

விதி உண்மையிலேயே அழுத்தம்தானா, இல்லை 'நாம்' என்ற இடத்துக்கு ஏதோ தனிச் சலுகையா என்ற சந்தேகம் மிச்சமிருந்தால், புவெனஸ் அயர்ஸ்காரர்கள் பேசுவதைக் கேளுங்கள். அங்கே நெருங்கியவரைத் 'தூ' என்று சொல்வதில்லை, 'வோஸ்' என்பார்கள். அதற்கான விகுதியில் அழுத்தம் கடைசி அசையில் விழும். விளைவு:

```
tú puedes      vos podés
tú piensas     vos pensás
tú duermes     vos dormís
```

'நீ' என்ற இடம்தான், பூட்ஸுக்குள் இருக்க வேண்டிய வடிவம்தான். ஆனால் அழுத்தம் நகர்ந்ததும் உடைவு போய்விட்டது. புத்தகத்துப் பூட்ஸ் அங்கே பொருந்தாது.

எதிர்த்திசைச் சாட்சியும் உண்டு. மெக்சிகோவில் சிலரது நாட்டுப்புறப் பேச்சில், podamos என்ற சப்ஜங்டிவ் வடிவத்தின் அழுத்தத்தை முதல் அசைக்கு இழுத்து puédamos என்று சொல்வார்கள். இலக்கணப் புத்தகம் அதை ஏற்காது, நீங்களும் பரீட்சையில் எழுத வேண்டாம். ஆனால் அப்படிப் பேசுபவர்கள் அழுத்தத்தை மட்டும் நகர்த்தவில்லை. அழுத்தம் பகுதிக்கு வந்த அந்த நொடியே, நொசோத்ரொஸ் வடிவத்திலும் 'ஒ' உடைந்து 'உவே' ஆகிவிட்டது.